இறைப்பு இயந்திரத்தின் பாகம் பழுதானால்: உத்தரவாதத்தைப் பெறும் வழி

கரம்பொனில் வெங்காயம் வைத்திருந்த ஒரு குடும்பத் தலைவர் 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதக் கடைசியில் என்னிடம் வந்தார். 1990இல் ஊரை விட்டுப் போய், பல இடங்களில் இருந்து, பின்னர் மீண்டு வந்து குடியேறிய குடும்பம் அது. சேமிப்போடு கைமாற்றும் சேர்த்து இரண்டு அங்குல மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரம் ஒன்றை அவர் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இயந்திரம் ஓடியது, தண்ணீர் வரவில்லை. கடைக்குச் சென்று, “மிசின் தண்ணி இறைக்குதில்லை” என்று சொல்லியிருக்கிறார். “தண்ணியில்லாமல் ஓட விட்டிருப்பியள் அண்ணை. அதுக்கு உத்தரவாதம் இல்லை” என்று அங்கே நின்றவர் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. தீவுப்பகுதியில் பழுதாகி வரும் இயந்திரங்களில் அப்படி ஓடவிடப்பட்டவையும் உண்டு. எனவே அவர் வழமையாகச் சொல்லும் பதிலைச் சொன்னார். எங்கள் ஆளிடமோ அதை மறுத்துச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. பற்றுச்சீட்டு வீட்டில் இருந்தது. இயந்திரத்தின் தொடர் இலக்கம் அவருக்குத் தெரியாது. என்ன நடந்தது என்பதையும் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். வாங்கிய திகதி, தொடர் இலக்கம், பழுதின் விபரம் ஆகிய இந்த மூன்றும் சரியாக இருந்திருந்தால் அந்த உரையாடல் வேறு விதமாகப் போயிருக்கும். அவருடைய இயந்திரத்தை வைத்தே இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாங்கிய திகதி

உத்தரவாதக் காலம் பற்றுச்சீட்டில் எழுதப்பட்ட நாளிலிருந்து தொடங்குகின்றது. நீங்கள் இயந்திரத்தை முதன்முதலாகக் கிணற்றடிக்குக் கொண்டுபோன நாள் கணக்கில் வராது. மழைக்காலத்தில் வாங்கி இரண்டு மாதம் கொட்டிலில் வைத்திருந்தால் அந்த இரண்டு மாதமும் கழிந்துபோய்விடும். ஆகவே வாங்கிய அந்த வாரத்திலேயே அரை மணி நேரமாவது கிணற்றில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறவிக் குறையுள்ள பாகம் பெரும்பாலும் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

திகதி இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியமானது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி அச்சபையிடம் முறையிடலாம். சபை விசாரித்து, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, நட்டஈடு கொடுக்கவோ வியாபாரியைப் பணிக்கலாம். ஆனால் அந்த முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கவும் வேண்டும். கடை ஒரு வருட உத்தரவாதம் தந்திருந்தாலும் இந்த மூன்று மாதம் மாறாது. “அடுத்த மாதம் பாகம் வரும், பொறுங்கோ” என்ற சொல்லை நம்பி இருந்துவிட்டால், உத்தரவாதம் கையில் இருக்கும்போதே முறையிடும் வழி அடைபட்டுவிடும்.

எங்கள் ஆள் வாங்கிய திகதி 05.02.2024. ஆகவே மே மாதம் 5ஆம் திகதிக்கு முன்னர் விடயம் தீராவிட்டால் முறையிட வேண்டும் என்று அன்றைக்கே நாட்காட்டியில் குறித்து வைத்தோம்.

வெப்பத்தால் அச்சிடும் வழவழப்பான தாளில் தரப்படும் பற்றுச்சீட்டுகள் சில மாதங்களில் மங்கி வெறுந்தாளாகிவிடுகின்றன. வாங்கிய அன்றே அதைப் படப்பிரதி எடுத்து, காணி உறுதியும் அடையாள அட்டையும் வைத்திருக்கும் பையிலேயே வையுங்கள். தொலைபேசியிலும் ஒரு படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். ஓடும்போது எதை விட்டுவிட்டு ஓடினோம் என்பது எமக்குத் தெரியும்.

பற்றுச்சீட்டு தொலைந்துவிட்டால் கடையின் அடிக்கட்டையில் பிரதி இருக்கும். ஏறத்தாழ எந்த நாள் என்று சொல்ல முடிந்தால் அதைத் தேடி எடுக்கலாம். நிவாரணமாகவோ சங்கத்தின் ஊடாகவோ கிடைத்த இயந்திரமானால் பற்றுச்சீட்டு அந்த நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். அப்போது நிறுவனத்திடம் பற்றுச்சீட்டின் பிரதியையும், உங்கள் பெயருக்கு நேரே இயந்திர இலக்கம் உள்ள விநியோகப் பட்டியலின் பிரதியையும் கேளுங்கள். உரிமைக் கடிதத்தை அந்த நிறுவனத்தைக் கொண்டே எழுதுவிப்பது நல்லது. கடை விற்றது அவர்களுக்கே.

தொடர் இலக்கம்

இறைப்பு இயந்திரம் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் உண்மையில் இரண்டு பொருட்கள் சேர்ந்தது. ஒரு பக்கம் என்ஜின், மறு பக்கம் பம்ப். என்ஜினின் இலக்கம் பெரும்பாலும் அதன் அடிப்பாகத்து அலுமினிய உடலில் குத்தப்பட்டிருக்கும். பம்பின் இலக்கம் ஒரு தகட்டிலோ ஒட்டுத்தாளிலோ இருக்கும். சில இயந்திரங்களில் இரண்டையும் செய்தவர்களே வேறு வேறு. பம்ப் பழுதாகி இருக்க என்ஜினின் இலக்கத்தை மட்டும் எழுதிக்கொடுத்தால் கொழும்பிலுள்ள முகவர் அதைத் திருப்பி அனுப்பலாம். இரண்டையும் எழுதுங்கள். எது எதனுடையது என்றும் குறிப்பிடுங்கள்.

மாதிரி இலக்கம் வேறு, தொடர் இலக்கம் வேறு. மாதிரி இலக்கம் அந்த வகை இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. தொடர் இலக்கமோ உங்களுடைய அந்த ஒரு இயந்திரத்துக்கு மட்டும் உரியது. பெட்டியில் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பதைத் தொடர் இலக்கம் என்று எழுதிவிடுபவர்கள் பலர்.

குத்தப்பட்ட இலக்கத்தைக் கண்ணால் வாசித்து எழுதும்போது பூச்சியமும் ஆங்கில ‘ஓ’ எழுத்தும், ஐந்தும் ‘எஸ்’ எழுத்தும், எட்டும் ‘பீ’ எழுத்தும் மாறிப்போகும். இதற்கு வாகனப் பதிவில் செசி இலக்கம் எடுக்கும் அதே முறையைப் பின்பற்றலாம். இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் வைத்து, பென்சிலைச் சரித்துப் பிடித்துத் தேயுங்கள். இலக்கம் தாளில் எழும்பும். பின்னர் தாளை வெளிச்சத்தில் வைத்து வாசிக்கலாம். அந்தத் தாளே ஒரு சான்றுமாகும்.

நாங்கள் அப்படித் தேய்த்தபோதுதான் ஒரு விடயம் தெரியவந்தது. உத்தரவாத அட்டையில் கடையில் எழுதியிருந்த பம்ப் இலக்கம் 2310841. இயந்திரத்தில் இருந்ததோ 2310847. யாரோ அவசரத்தில் ஏழை ஒன்றாக எழுதிவிட்டார்கள். அட்டையில் நாங்கள் கைவைக்கவில்லை. நாமாகத் திருத்திய அட்டை சந்தேகத்துக்கு இடமாகிவிடும். இரண்டு இலக்கங்களையும் கடிதத்தில் எழுதி, பென்சில் தேய்த்த தாளையும் இணைத்தோம். கடைக்காரர் தமது பிரதியைப் பார்த்து அட்டையைத் தாமே திருத்திக் கையொப்பமிட்டு முத்திரையும் குத்தித் தந்தார்.

வாங்கும் அன்றே கடையின் முன்னால் வைத்து, இயந்திரம், அட்டை, பற்றுச்சீட்டு மூன்றிலும் உள்ள இலக்கங்களை ஒத்துப் பாருங்கள். பற்றுச்சீட்டில் இலக்கம் இல்லையென்றால் எழுதித் தரும்படி கேளுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

பழுதின் விபரம்

மூன்றிலும் கடினமானது இதுதான். உரிமை கோருதல்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன.

முதலில் அந்தப் பாகத்தைப் பற்றிச் சிறிது விளங்கிக்கொள்ள வேண்டும். என்ஜினின் அச்சு பம்பின் உடலுக்குள் போய் அங்குள்ள சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அச்சு உள்ளே போகும் துவாரத்தால் தண்ணீர் வெளியே வராமல் தடுப்பது சீல். அதில் இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று முகம் பொருந்தி நிற்கின்றன. ஒன்று கரியால் ஆனது, மற்றது பீங்கான் போன்ற பொருளால் ஆனது. ஒன்று அசையாமல் இருக்க மற்றது சுழலும். ஒரு சுருள்வில் இரண்டையும் நெருக்கிப் பிடிக்கின்றது. இடையில் இருக்கும் மிக மெல்லிய தண்ணீர்ப் படலமே அவற்றைக் குளிர வைக்கின்றது. தண்ணீர் இல்லாமல் இயந்திரம் ஓடினால் ஓரிரு நிமிடங்களிலேயே வளையங்கள் கடுமையாகச் சூடேறிவிடும். அந்தச் சூட்டில் திடீரெனத் தண்ணீர் பட்டால் பீங்கான் வெடித்துவிடும்.

இதனால்தான் தண்ணீரில்லாமல் ஓட்டியது, உவர் நீர் இறைத்தது, வேறு ஆட்கள் கழற்றியது ஆகியவற்றை உத்தரவாத அட்டைகள் வழமையாக விலக்குகின்றன. எங்கள் தீவில் இந்தச் சந்தேகம் எழுவது இயல்பு. சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய படையாகவே நன்னீர் நிற்கின்றது. பங்குனி, சித்திரையில் வேகமாக இறைத்தால் கிணறு அடி காணும், அல்லது உவர் மேலே வரும். ஆகவே கிணற்றின் நிலையையும் கடிதத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் கடைக்காரர் தாமாக ஒன்றை ஊகித்துக்கொள்வார்.

கழற்றாமலே பழுது எங்கே என்று பார்க்க ஒரு வழி உண்டு. இயந்திரத்தை நிறுத்தி, ஆற விட்டு, வெளிப்புறத்தைத் துணியால் நன்கு துடையுங்கள். பின்னர் பம்பின் மேல் மூடியைத் திறந்து, வழமையாக ஊற்றும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் சொட்டினால் அனேகமாகச் சீல்தான் பழுது. குழாய் பொருத்தும் இடத்தில் சொட்டினால் வொஷர் தேய்ந்திருக்கும் அல்லது பூட்டு இறுக்கமில்லாமல் இருக்கும். அதை நீங்களே சரிசெய்துகொள்ளலாம். எங்கும் சொட்டவில்லை, ஆனால் இயந்திரம் தண்ணீரை இழுக்கவும் இல்லை என்றால், உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று புகுகின்றது என்று முதலில் சந்தேகியுங்கள். இந்தச் சோதனை செய்யாமல் இயந்திரத்தை யாழ்ப்பாணம் வரை சுமந்துபோய், ஒரு வொஷருக்காகத் திரும்பி வந்தவர்களும் உண்டு.

எங்கள் ஆளின் இயந்திரத்தில் நடுவால்தான் சொட்டியது. அடுத்து, எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்கிட்டோம். பெப்ரவரி 9ஆம் திகதி முதல் மூன்று நாளைக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் இறைத்திருக்கிறார். 27ஆம் திகதி வரை ஏழு முறை, ஆக ஏறத்தாழப் பத்தரை மணி நேரம். 24ஆம் திகதி முதன்முதலில் சொட்டைக் கண்டிருக்கிறார். அதுவரை ஓடியது ஏழரை மணி நேரம் மட்டுமே. இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? சில அட்டைகள் சீலைத் தேய்மானப் பாகம் என்று கூறி உத்தரவாதத்திலிருந்து விலக்கியிருக்கும். நல்ல தண்ணீர் இறைக்கும் சீல் சில மணி நேரத்தில் தேய்ந்து முடிவதில்லை. ஏழரை மணி நேரத்தில் ஒழுகினால் அதைத் தேய்மானம் என்று சொல்வது கடினம்.

இனி நாங்கள் எழுதிய கடிதத்தைத் தருகிறேன்.

“05.02.2024 அன்று தங்கள் கடையில் வாங்கிய இரண்டு அங்குல மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரம் தொடர்பாக எழுதுகிறேன். பற்றுச்சீட்டின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. பம்பின் தொடர் இலக்கம் 2310847. என்ஜினின் தொடர் இலக்கம் 1185502. உத்தரவாத அட்டையில் பம்பின் இலக்கம் 2310841 என்று எழுதப்பட்டுள்ளது. இயந்திரத்திலிருந்து எடுத்த பென்சில் பதிவை இணைத்துள்ளேன்.

09.02.2024 முதல் ஏழு முறை, மொத்தம் ஏறத்தாழப் பத்தரை மணி நேரம் இறைத்தேன். 24.02.2024 அன்று, ஆறாவது முறை இறைக்கத் தொடங்கும்போது, பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவால் தண்ணீர் சொட்டக் கண்டேன். 27.02.2024 அன்று அது தாரையாக வந்தது. அரை மணி நேரத்துக்குப் பின் தண்ணீர் ஏறுவது நின்றது. உடனே என்ஜினை நிறுத்தினேன். என்ஜினை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோதும் அதே இடத்தால் சொட்டுகின்றது. குழாய்ப் பொருத்துகளில் சொட்டு இல்லை. என்ஜின் வழமைபோல் ஓடுகின்றது.

கிணற்றில் அந்நாட்களில் உறிஞ்சு குழாயின் நுனிக்கு மேல் நான்கு அடிக்குக் குறையாமல் தண்ணீர் நின்றது. குடிக்கப் பாவிக்கும் நன்னீர்க் கிணறு. ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றிய பின்னரே இயக்கினேன். இயந்திரத்தை எவரும் கழற்றவில்லை. உத்தரவாதத்தின்படி பழுதான பாகத்தை மாற்றித் தரும்படி கேட்கிறேன். கழற்றும்போது நான் உடனிருக்க விரும்புகிறேன்.”

இந்தக் கடிதத்தில் ‘சீல் பழுது’ என்ற சொல் இல்லாததைக் கவனியுங்கள். கண்டதை மட்டும் எழுதினோம், காரணத்தை ஊகிக்கவில்லை. சீல் என்று எழுதிக் கொடுத்து, கழற்றும்போது பம்பின் உடலே வெடித்திருப்பது தெரிந்தால், நீங்கள் கேட்டது ஒன்று, பழுது வேறொன்று என்று ஆகிவிடும். உண்மையில்லாத எதையும் சேர்க்கவும் கூடாது. ஒரு தரம் தண்ணீரில்லாமல் ஓடியிருந்தால் அதை மறைத்துப் பயனில்லை. பாகமே அதைச் சொல்லிவிடும்.

கழற்றும்போது பாருங்கள்

கடிதத்தின் பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று திகதியுடன் கையொப்பம் வாங்கினோம். இயந்திரத்தை அங்கே விட்டதற்கும் தொடர் இலக்கம் எழுதிய துண்டு ஒன்று வாங்கினோம். மார்ச் 4ஆம் திகதி மெக்கானிக் எங்கள் முன்னிலையில் கழற்றினார்.

சீல் தன் கதையைத் தானே சொல்லும். தண்ணீரில்லாமல் ஓடியிருந்தால் வளையத்தின் முகம் கருகி, நடுவிலிருந்து வெளிநோக்கி மெல்லிய வெடிப்புகள் காணப்படும். இறப்பர் பகுதி காய்ந்து இறுகியிருக்கும். மணல் போயிருந்தால் முகத்தில் வட்டவட்டமாகக் கீறல்கள் இருக்கும். உவர் நீர் பாவித்திருந்தால் வெள்ளை உப்புப் படிந்து, சுருள்வில் துருப்பிடித்திருக்கும். எங்கள் ஆளின் இயந்திரத்தில் இறப்பர் மெதுவாகவே இருந்தது. பீங்கானில் வெடிப்பில்லை. ஆனால் கரி வளையம் ஒரு பக்கத்தில் மட்டும் அகலமாகத் தேய்ந்து, மறு பக்கம் தொடப்படாமலே பளபளத்தது. “வளையம் சரிஞ்சு இருந்திருக்குது, பூட்டேக்கையே வந்த பிழை” என்று மெக்கானிக்கே சொன்னார். அதை வேலைச் சீட்டில் எழுதும்படி கேட்டோம், எழுதினார்.

பழைய பாகத்தைக் கடை முகவருக்கு அனுப்ப வேண்டும், ஆகவே அதை வீட்டுக்குக் கொண்டுவர விடமாட்டார்கள். கொடுப்பதற்கு முன் இரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய சீல் மார்ச் 9ஆம் திகதி வந்து பொருத்தப்பட்டது. வாங்கியவர் காசு கொடுக்கவில்லை.

உத்தரவாதம் தராதவை

கடிதம் கொடுத்த பெப்ரவரி 28 முதல் பத்து நாள் வெங்காயம் காத்திருக்கவில்லை. ‘ஊரிலேயே ஒருவரைக் கொண்டு கழற்றிப் புதுச் சீல் போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும்’ என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அப்படிச் செய்திருந்தால் உரிமை அன்றோடு முடிந்திருக்கும். பக்கத்துத் தோட்டக்காரரின் இயந்திரத்தை எண்ணெய் ஊற்றி இரவல் வாங்கி இறைத்தார். அது அவருக்கு எல்லா நாளும் கிடைக்கவில்லை. கடைசிப் பாத்திகள் இரண்டு வாடிப் போயின. அந்தப் பாத்திகளுக்கும், இரவல் எண்ணெய்க்கும், பண்ணைத் தாம்போதி கடந்து இயந்திரத்தைக் கொண்டுபோய் வந்த ஓட்டோ கூலிக்கும் அட்டையில் இடமில்லை. பாகத்தை மட்டுமே அது தந்தது.

பயிர் உயிர் போகும் நிலையில், இயந்திரத்தைத் திருத்தினால் உரிமை போய்விடும் என்பதற்கும் பயிருக்கும் இடையில் நீங்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு சீலின் விலை இரண்டு பாத்தி வெங்காயத்தை விடக் குறைவாக இருக்கலாம். அவ்வாறு முடிவெடுத்தால் முதலில் கடைக்குத் தொலைபேசியில் பேசி, ஊரில் திருத்த அனுமதி தரும்படி கேளுங்கள். தந்தால் அதை ஒரு குறுஞ்செய்தியாகவாவது அனுப்பச் சொல்லுங்கள். பின்னர் கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, பழைய சீலைப் பத்திரமாக வையுங்கள்.

மாற்றிய பாகத்துக்குப் பெரும்பாலும் புதிய உத்தரவாதம் தொடங்குவதில்லை. பழைய காலத்தில் மீதமுள்ளதே அதற்கும் உரியது. எங்கள் ஆளுக்கு அது 2025 பெப்ரவரி வரை இருந்தது.

கடை கடிதத்தை வாங்க மறுத்தாலோ பதிலின்றி நாள் கடத்தினாலோ, கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டை வைத்திருங்கள். பின்னர் அதே கடிதத்தின் பிரதியையும் இணைப்புகளையும் கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். அதன் தொலைபேசி இலக்கம் 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் என்ற எல்லையை மறக்க வேண்டாம்.

இன்று மாலை செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. இயந்திரத்தைத் துடைத்து, இரண்டு இலக்கங்களையும் பென்சிலால் எடுத்து, பற்றுச்சீட்டின் திகதியோடு ஒரே தாளில் எழுதி வையுங்கள். அதன் கீழே ஒவ்வொரு இறைப்புக்கும் திகதியையும் நேரத்தையும் குறித்து வாருங்கள். ஒரு நாள் நடுவால் தண்ணீர் சொட்டினால், உங்கள் கடிதத்தில் பாதி ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும்.